கவரேஜ் அறிக்கையை வாசிப்பது எப்படி: வன்னியிலிருந்து எழுதும் திரைக்கதையாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இருந்து ஒருவர் முழுநீளத் திரைக்கதை எழுதி, அதை ஒரு விழாவின் திரைக்கதைப் பட்டறைக்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு தயாரிப்பாளருக்கோ அனுப்புகிறார் என்று வையுங்கள். சில வாரங்களில் நான்கைந்து பக்க அறிக்கை ஒன்று திரும்பி வரலாம். அதுதான் கவரேஜ். தமிழ் சினிமாவில் கதை பெரும்பாலும் வாயால் சொல்லப்படுகிறது. இயக்குநர் நடிகருக்கு முன்னால் உட்கார்ந்து கதை சொல்வார், பிறகு டிஸ்கஷனில் திருத்துவார்கள். அதனால் எழுதிய பக்கங்களை மட்டும் வைத்து முன்பின் தெரியாத ஒருவர் தரும் மதிப்பீடு நமக்குப் புதிது. எப்படி வாசிப்பது, எதைத் திருத்துவது என்று தெரியாமல் பலர் அதன் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிறார்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரு திரைக்கதையை எடுத்து, அதற்கு வந்த மூன்று அறிக்கைகளை வைத்து, அடுத்த வரைவு வரை போகப் போகிறேன். திரைக்கதையும் அறிக்கைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் அதில் வரும் கோளாறுகள் இங்கே எழுதப்படும் கதைகளில் திரும்பத் திரும்பக் காண்பவை.

அறிக்கையில் என்ன இருக்கும்

கவரேஜ் ஹொலிவூட் ஸ்டூடியோக்களின் கதைப் பிரிவில் வளர்ந்த பழக்கம். தயாரிப்பாளருக்கு எல்லாவற்றையும் வாசிக்க நேரம் இல்லை. ஒரு ரீடர் வாசித்து, கதையைச் சுருக்கி, தன் கருத்தையும் எழுதிக் கொடுப்பார். அதாவது அந்த அறிக்கை எழுத்தாளருக்காகப் பிறந்தது அல்ல, தயாரிப்பாளர் முடிவெடுப்பதற்காகப் பிறந்தது. அதன் தொனி சில வேளை வறட்சியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்று எழுத்தாளரே காசு கொடுத்து எடுக்கும் கவரேஜும் உண்டு. அதில் கருத்துப் பகுதி கொஞ்சம் நீளமாக இருக்கும். அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் பக்கத்தில் தலைப்பு, பக்க எண்ணிக்கை, கதை நடக்கும் இடமும் காலமும், வகை, ரீடர் எழுதிய ஒன்லைன் ஆகியவை இருக்கும். அடுத்து ஒன்று அல்லது இரண்டு பக்கத்தில் கதைச்சுருக்கம். அதன் பின் கருத்துகள்: கதைக்கரு, பாத்திரம், கட்டமைப்பு, உரையாடல் என்று பிரித்தோ ஒன்றாகவோ எழுதியிருப்பார்கள். கூடவே மிக நன்று, நன்று, சுமார், பலவீனம் என்று கட்டம் போட்ட ஒரு அட்டவணை. கடைசியாகத் தீர்ப்பு: பாஸ், கன்சிடர், ரெக்கமெண்ட். இங்கே பாஸ் என்பது நிராகரிப்பு. பெரும்பாலான திரைக்கதைகளுக்குப் பாஸ்தான் விழும், ரெக்கமெண்ட் மிக அரிது. சில இடங்களில் கதைக்கு ஒன்று, எழுத்தாளருக்கு ஒன்று என இரண்டு தீர்ப்புகள் இருக்கும். கதைக்குப் பாஸ், எழுத்தாளருக்குக் கன்சிடர் என்று வந்தால் அது நல்ல செய்தி. இந்தக் கதை எங்களுக்கு வேண்டாம், அடுத்ததை அனுப்பு என்று அர்த்தம்.

அனுப்புவதற்கு முன்னால்

இதில் மூன்று விஷயங்கள்தான் முக்கியம். எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் பாமினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்தக் கோப்பை அப்படியே அனுப்பினால், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, இன்னொருவரின் கைபேசியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாவது, பக்கக் கணக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது ஆங்கிலத் திரைக்கதை வடிவத்தில் வந்த தோராயம். தமிழில் எழுத்து அதிக இடம் பிடிக்கும், அதனால் 120 பக்கத் தமிழ்ப் பிரதி இரண்டு மணி நேரம் ஓடாமல் போகலாம். உரையாடலை வாய்விட்டு வாசித்து, கைபேசிக் கடிகாரத்தால் அளந்து, உத்தேச நீளத்தை முதல் பக்கத்தில் குறித்து விடுங்கள். இல்லாவிட்டால் "நீளம் அதிகம்" என்ற வரிக்கு என்ன பதில் என்று உங்களுக்கே தெரியாது.

மூன்றாவது, யாரிடம் கொடுப்பது. மூன்று ரீடர் போதும். அதில் ஒருவராவது வன்னியை அறியாதவராகவும், ஒருவராவது கதை பேசும் தொழிலையும் இடத்தையும் நன்கு அறிந்தவராகவும் இருக்க வேண்டும். வயல் கதை என்றால் வயல் செய்த ஒருவர். அவருக்குத் திரைக்கதை வடிவம் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. வாசித்துவிட்டு கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒலிப்பதிவு செய்து எழுதி எடுத்தால், அதுவும் ஒரு கவரேஜ்தான்.

பத்துப் பக்கக் குறும்படத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. நான்கு பேரைக் கூட்டி வாசித்துக் காட்டினால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டு

திரைக்கதையின் பெயர் "கடைவாய்க்கால்". 92 பக்கம். வன்னியில் ஒரு கற்பனைக் குளம், அதன் கீழ் வயல்கள். சிவமலர், ஐம்பது வயது, கணவரை இழந்தவர். வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறார். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாது என்பதால், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மேல்வாய்க்கால் வயல்களுக்கு மட்டும் நீர் விடுவதென்று முடிவாகிறது. கமக்கார அமைப்பின் செயலாளர் சின்னையா, சிவமலரின் கணவருடைய தம்பி. "அண்ணி, மேல்வாய்க்காலுக்கே தண்ணி காணாது. உங்களுக்கு எங்கால குடுக்கிறது?" என்று அவர் கேட்கும் இடம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. சிவமலரின் மகன் தினேஷ் கொழும்பில் வேலை இழந்து ஊருக்கு வந்திருக்கிறான். காணியை விற்று வெளிநாடு போக வேண்டும் என்பது அவன் எண்ணம்.

எழுத்தாளர் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்த ஒன்லைன் இது: தண்ணீர்ப் பங்கு மறுக்கப்பட்ட ஒரு பெண், தன் வயலுக்கு நீர் கொண்டுவரப் போராடுகிறாள்.

மூன்று அறிக்கை வந்தது. சென்னையில் இருக்கும் ரீடர் கதைக்கரு நன்று, பாத்திரம் சுமார், கட்டமைப்பு பலவீனம் என்று போட்டு, "48 முதல் 70 வரை கதை தொய்கிறது, தினேஷின் காதல் காட்சிகளை வெட்டலாம்" என்று எழுதியிருந்தார். ரொறன்ரோவில் இருப்பவர், "சிவமலர் மீது பரிவு வருகிறது, ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்று பிடிபடவில்லை. போர்க்காலத்தை ஃப்ளாஷ்பேக்கில் காட்டினால் பாத்திரம் ஆழப்படும்" என்றார். இருவரும் பாஸ். மூன்றாமவர் கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி. அவர் கதையைத் திரும்பச் சொன்னபோது இரண்டு கேள்வி கேட்டார். "ஆடியில இப்பிடி மழை எங்க பெய்யுது?" என்பது ஒன்று. "இது உறுதிக் காணியா, பேர்மிட் காணியா?" என்பது மற்றது.

முதலில் கதைச்சுருக்கத்தை எடுங்கள், கருத்தைப் பிறகு பாருங்கள்

அறிக்கை வந்ததும் எல்லோரும் தீர்ப்புக்கும் கருத்துக்கும் ஓடுவார்கள். என் அனுபவத்தில் அறிக்கையின் மிக நேர்மையான பகுதி கதைச்சுருக்கம். கருத்து எழுதும்போது ரீடர் தன் ரசனையையும் படித்த கோட்பாட்டையும் கொண்டு வருகிறார். சுருக்கம் எழுதும்போது அவர் எதையும் மதிப்பிட நினைப்பதில்லை, மனதில் தங்கியதை மட்டும் எழுதுகிறார். தங்காதது அங்கே இருக்காது. நீங்கள் எழுதியதற்கும் அவருக்குள் போய்ச் சேர்ந்ததற்கும் இடையில் உள்ள தூரத்தை வேறெங்கும் இவ்வளவு துல்லியமாகக் காண முடியாது.

சென்னை ரீடரின் சுருக்கம் இப்படித் தொடங்கியது: "கொழும்பில் வேலை இழந்து ஊர் திரும்பும் தினேஷ், தாயின் காணியை விற்று வெளிநாடு செல்ல நினைக்கிறான்." சிவமலரின் பெயர் இரண்டாவது பந்தியில்தான் வருகிறது. கடைசி வரி, "எதிர்பாராமல் மழை பெய்து குளம் நிறைய, காணி தப்புகிறது."

இதை எழுத்தாளரின் ஒன்லைனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு படங்கள். ரீடர் கவனமில்லாமல் வாசித்தார் என்று கோபப்படுவதற்கு முன், பிரதியைத் திறந்து பார்க்க வேண்டும். முதல் 18 பக்கமும் தினேஷ் பஸ்ஸில் வருவது, இறங்குவது, பழைய நண்பர்களைக் காண்பது. கூட்டம் 28ஆம் பக்கத்தில். ஒரு படத்தின் தொடக்கத்தில் யாருடைய பின்னால் கமெரா போகிறதோ, அவருடைய கதை என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ரீடர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

அடுத்த வேலை கொஞ்சம் சலிப்பானது, ஆனால் விடாதீர்கள். சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயையும் பயனிலையையும் அடிக்கோடிட்டு, ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இந்தச் சுருக்கத்தில் 14 வாக்கியங்கள். எட்டில் தினேஷ் எழுவாய். இரண்டில் சின்னையா. நான்கில் மட்டும் சிவமலர், அந்த நான்கின் வினைகள்: மறுக்கிறாள், கேட்கிறாள், கவலைப்படுகிறாள், காத்திருக்கிறாள். நான்கில் ஒன்றுதான் வெளியே எதையாவது நகர்த்த முயலும் செயல், அதுவும் 41ஆம் பக்கத்தில் நீர்ப்பாசன அலுவலரிடம் ஒருமுறை கேட்டு வெறுங்கையோடு திரும்புவது. "போராடுகிறாள்" என்று எழுத்தாளர் நினைத்த சொல்லுக்கு ஈடான வினை ஒன்றுகூட இல்லை.

மூன்று அறிக்கைக்கும் இதைச் செய்யுங்கள். ரீடர்களின் கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம். வினைப்பட்டியல்கள் அநேகமாக ஒத்துப்போகும்.

கவனித்ததையும் சொன்ன தீர்வையும் பிரியுங்கள்

இப்போது கருத்துப் பகுதிக்கு வரலாம். ஒவ்வொரு கருத்திலும் இரண்டு பொருள் கலந்திருக்கும். "48 முதல் 70 வரை தொய்கிறது" என்பது ரீடருக்கு நடந்த அனுபவம், அதை மறுக்க முடியாது. "காதல் காட்சியை வெட்டலாம்" என்பது அவருடைய யோசனை, அதை மறுக்கலாம். ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் அனுபவத்தையும் வலப்பக்கம் யோசனையையும் எழுதுங்கள். முதல் சுற்றில் வலப்பக்கத்தைத் தொடவே கூடாது.

ஏன் என்று இந்தக் கதையிலேயே பார்க்கலாம். காதல் காட்சிகளை வெட்டினால் 20 பக்கம் குறையும். மிஞ்சுவது 72 பக்கம், அதிலும் சிவமலர் காத்திருந்துகொண்டுதான் இருப்பார். அந்தப் பக்கங்கள் தொய்வதற்குக் காரணம் காதல் அல்ல. 41இல் கதாநாயகி ஒருமுறை கேட்டுத் தோற்றபின் அடுத்து என்ன செய்வார் என்ற கேள்வியே எழவில்லை. அந்த வெற்றிடத்தை எழுத்தாளர் தினேஷைக் கொண்டு நிரப்பியிருக்கிறார். ரொறன்ரோ ரீடர் சொன்ன ஃப்ளாஷ்பேக்கும் அப்படித்தான். சிவமலரின் துயரத்துக்கு அது காரணம் கொடுக்கும், செயல் கொடுக்காது.

இடப்பக்கத்தை மட்டும் வாசித்தால் இப்படி நிற்கிறது: நடுவில் தொய்கிறது, அவருக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை, முடிவில் மழை நம்பும்படி இல்லை. ஒருவர் கட்டமைப்பு என்கிறார், மற்றவர் பாத்திரம் என்கிறார், மூன்றாமவர் பருவநிலை என்கிறார். மூன்றுக்கும் வேர் ஒன்று. சிவமலர் ஒரு முடிவும் எடுப்பதில்லை. அதனால் நடுப்பகுதியை நகர்த்த ஆள் இல்லை, ஆசை வெளியே தெரிய வழி இல்லை, கதையை முடித்து வைக்க வானத்திலிருந்து மழை வர வேண்டியிருக்கிறது.

இதனால்தான் அட்டவணையில் உள்ள கட்டங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதை நான் விரும்புவதில்லை. கதைக்கரு, பாத்திரம், கட்டமைப்பு என்பவை ரீடரின் வசதிக்கான தலைப்புகள். கோளாறு தலைப்பு பார்த்து வருவதில்லை. "கட்டமைப்பு பலவீனம்" என்று வந்தால் பாத்திரத்தில் தேடுங்கள், "பாத்திரம் தட்டையானது" என்று வந்தால் கதைக்கருவில் தேடுங்கள். கதைக்கருவுக்கு நன்று விழுந்திருந்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: அவர் எந்தக் கதைக்கருவுக்கு நன்று போட்டார்? இங்கே அவர் நன்று போட்டது காணியை விற்க நினைக்கும் மகனின் கதைக்கு. அந்த நன்றை வைத்துக்கொண்டு எழுத்தாளர் நிம்மதியாக இருக்க முடியாது.

வெளியூர் ரீடருக்குப் புரியாதது

வன்னிக் கதைகளுக்கு வரும் அறிக்கைகளில் ஒரு தனி வகை உண்டு: "துருசு என்றால் என்ன?", "வழக்குமொழி தடுக்கிறது", "போர் ஏன் இல்லை?" இவற்றை மொத்தமாக ஒதுக்குவதும் தவறு, மொத்தமாக ஏற்பதும் தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல் புரியவில்லை என்றால், காட்சி புரிந்ததா என்று சுருக்கத்தில் பாருங்கள். சென்னை ரீடருக்குத் துருசு என்ற சொல் தெரியவில்லை, ஆனால் "சின்னையா நீரை அடைக்கிறார்" என்று சுருக்கத்தில் எழுதியிருந்தார். அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாம். தெரியாமல் கதையே தவறியிருந்தால், சொல்லை மாற்றாமல் முதல் முறை வரும் இடத்தில் செயலோடு எழுதுங்கள்: "சின்னையா துருசின் கைபிடியைச் சுற்றுகிறார். வாய்க்காலில் ஓட்டம் நிற்கிறது." சொற்பட்டியல் இணைப்பது வேண்டாம். படம் பார்ப்பவர் கையில் பட்டியல் இருக்காது.

உரையாடல் கட்டத்தில் வழக்குமொழிக்காக மதிப்பெண் குறைந்திருந்தால், அதே அறிக்கையில் எந்த வரி பாராட்டப்பட்டது என்று தேடுங்கள். மேலே சொன்ன சின்னையாவின் கேள்வியை இரண்டு ரீடரும் எடுத்துக் குறிப்பிட்டிருந்தார்கள். அது முழுக்க வன்னிப் பேச்சு. மொழி தடுக்கவில்லை, மற்றக் காட்சிகளில் பேச்சுக்குப் பின்னால் தேவை இல்லை என்பதுதான் உண்மை.

போர் பற்றிய கேள்விதான் கடினமானது. வன்னி என்றதும் 2009ஐ எதிர்பார்க்கும் ரீடருக்குக் கடமைப்பட்டு எழுதத் தொடங்கினால் உங்கள் கதை போய்விடும். அதே நேரம், ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வன்னியில் வாழ்கிறார், இடப்பெயர்வு அவரைத் தொடவே இல்லை என்றால் அதுவும் பொய். நான் வைக்கும் சோதனை இது: இந்தக் கதையில் அவர் எடுக்கும் முடிவு அந்த வருடங்களால் கடினமாகிறதா? ஆம் என்றால் அது இன்றைய காட்சிக்குள், ஒரு பொருளாக அல்லது ஒரு தடையாக வர வேண்டும். இல்லை என்றால் ஃப்ளாஷ்பேக்கும் வேண்டாம்.

உள்ளூர் ரீடர் கேட்டது

விவசாயியின் இரண்டு கேள்வியும் எந்த அட்டவணையிலும் இடம்பெறாது. ஆனால் கதையை மாற்றியவை அவைதான்.

மழைக் கேள்வி எளிது. எங்கள் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஆடி ஆவணியில் வன்னி காய்ந்து கிடக்கும். அந்த மாதத்தில் குளம் நிறைவது சென்னை ரீடருக்கு "எதிர்பாராத" நிகழ்வு. இங்கே பார்ப்பவருக்கு நடக்காத நிகழ்வு.

காணிக் கேள்வி ஆழமானது. குளத்துக்குக் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்ட வயல்கள் பல, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பேர்மிட் காணிகள். அவற்றை உறுதிக் காணி போல நினைத்த நேரம் நினைத்தவருக்கு விற்க முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். தினேஷ் தரகரோடு விலை பேசும் காட்சிகள் 50இலிருந்து 66 வரை நீள்கின்றன. இது பேர்மிட் காணி என்றால் அவற்றின் அடிப்படையே ஆடுகிறது. சென்னை ரீடர் அந்தப் பக்கங்கள் தொய்வதாக உணர்ந்தார், காரணம் தெரியாமல். உள்ளூர் ரீடர் காரணத்தைச் சொன்னார்.

திருத்தும் வரிசை

உரையாடலிலிருந்து தொடங்கக் கூடாது. அது இலகுவானது என்பதால் கை தானாக அங்கே போகும். நாளைக்கு எடுத்து எறிய வேண்டிய காட்சியில் இன்றைக்கு வசனம் சீர்செய்வது வீண் உழைப்பு. முதலில் ஒன்லைன், அடுத்து பாத்திரங்களின் முடிவுகள், அடுத்து காட்சி வரிசை, கடைசியில் வசனம்.

"கடைவாய்க்கால்" ஒன்லைனில் "போராடுகிறாள்" என்ற சொல்தான் பிரச்சினை. அதற்குள் என்ன செயல் என்று இல்லை. தண்ணீர் குறைந்த போகத்தில், மேல்பகுதி வயலை மட்டும் செய்து, அதை எல்லாப் பங்காளருக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுக்கும் மரபு இலங்கையின் குளத்து விவசாயத்தில் உண்டு. சிங்களத்தில் அதைப் பெத்ம என்பார்கள். எழுத்தாளர் அதைக் கையில் எடுத்தார். புதிய ஒன்லைன்: வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஒரு விதவை, மேல்வாய்க்கால் நிலத்தை இந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் பிரிக்கும்படி, கணவரின் தம்பிக்கு எதிராகக் கடைவாய்க்கால்காரரைத் திரட்டுகிறாள். இப்போது அவர் செய்ய வேண்டியது என்ன, அதற்கு எதிரே நிற்பவர் யார், தோற்றால் போவது எது என்று தெரிகிறது.

இதனால் சின்னையா தானாக மாறினார். முந்தைய வரைவில் அவர் காரணமில்லாத கெட்டவர். இப்போது மேல்வாய்க்காலில் அவருக்கு ஐந்து ஏக்கர், அதை நம்பி வாங்கிய கடன். பங்கு பிரித்தால் அவர் கடன் கட்ட முடியாது. அவருக்கும் நியாயம் உண்டு என்றானதும் அவரும் சிவமலரும் பேசும் ஒவ்வொரு காட்சியும் இறுகியது. தினேஷ் காணியை விற்க நினைப்பது போய், சின்னையாவிடம் வாய்ப்பேச்சில் நீண்ட குத்தகைக்குக் கொடுத்துக் காசு வாங்க நினைப்பதாக மாறியது. தரகர் என்ற பாத்திரமே தேவையற்றுப் போனது. மகனின் கதையும் தாயின் கதையும் ஒரே ஆளிடம் போய் முட்டின.

போருக்கான இடமும் இங்கே கிடைத்தது. கூட்டத்தில் பங்கு கேட்க வேண்டுமென்றால் காணி தங்களுடையது என்பதைச் சிவமலர் காட்ட வேண்டும். பேர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அந்தக் காணி அண்ணருக்குத்தான் கிடைத்தது என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் சின்னையா. ஃப்ளாஷ்பேக் ஒன்றும் இல்லாமல், ரொறன்ரோ ரீடரின் கவனிப்புக்குப் பதில் வந்துவிட்டது.

காட்சி வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு காட்சியையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, இடங்களை மாற்றிப் பார்த்தார் எழுத்தாளர். கூட்டம் 28இலிருந்து 12க்கு வந்தது. முதல் காட்சி சிவமலர் விடியலில் வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்குவது. தினேஷ் ஊர் வருவது அவர் கண் வழியாக, அரைப் பக்கத்தில் முடிகிறது. 41இல் இருந்த அலுவலர் காட்சி 22க்கு. அதன் பிறகு வீடு வீடாகப் போய்க் கையொப்பம் சேர்ப்பது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேரம், நடுப்பகுதியில் தினேஷ் இரகசியமாகக் குத்தகைக் காசை வாங்கிவிட்டான் என்பது தெரிவது. அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்காமல் அவர் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. முன்பு தொய்ந்த அதே பக்கங்களில் இப்போது கதையின் மிகப் பெரிய முடிவு இருக்கிறது: தாலிக்கொடியை அடகு வைப்பதா, மகனை ஊருக்கு முன் காட்டிக் கொடுப்பதா.

முடிவில் மழை இல்லை. கூட்டம் மீண்டும் கூடுகிறது, சின்னையா சாட்சி சொல்கிறார், பங்கு பிரிகிறது. சிவமலருக்குச் சின்னையாவின் வயலில் அரை ஏக்கர். அவருடைய சொந்த இரண்டு ஏக்கரும் அந்தப் போகம் முழுக்கக் காய்ந்தே கிடக்கிறது.

இரண்டாம் சுற்று

புதிய வரைவை அதே மூன்று பேரிடமும் கொடுக்காதீர்கள். அவர்கள் பழைய கதையை மனதில் வைத்துக்கொண்டு, திருத்தம் நடந்ததா என்று பார்ப்பார்கள், முதல் முறை வாசிப்பவரின் குழப்பம் அவர்களுக்கு வராது. பழையவரில் ஒருவர், புதியவர் இருவர் என்பது நல்ல கலவை. "கடைவாய்க்கால்" போன்ற கதையில் அந்தப் பழையவர் விவசாயியாக இருப்பது நல்லது, ஏனென்றால் புதிதாக நுழைந்த பெத்ம, பேர்மிட், அடகு எல்லாம் அவர் சரிபார்க்க வேண்டியவை. அனுப்பும் கடிதத்தில் முந்தைய கருத்துகளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். "இப்போது சிவமலர் தீவிரமாக இருக்கிறாரா?" என்று கேட்டால், இருக்கிறார் என்றுதான் பதில் வரும்.

புதிய அறிக்கை வந்ததும் மறுபடி அதே தாள், அதே எழுவாய், பயனிலை. இந்த முறை சிவமலர் எத்தனை வாக்கியத்தில் எழுவாய், அவருடைய வினைகள் என்ன, கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள். முடிவை உண்டாக்கும் செயல் அந்த இடத்தில்தான் இருக்கும். அங்கே சிவமலர் இல்லாமல் சின்னையா மட்டும் இருந்தால், "சின்னையா மனம் மாறி சாட்சி சொல்கிறார்" என்று மட்டும் எழுதியிருந்தால், மழை போன இடத்தில் மைத்துனரின் மனமாற்றம் வந்து உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அப்போது அவர் மனம் மாறும்படி சிவமலர் செய்தது என்ன என்ற காட்சி இன்னும் எழுதப்படவில்லை. அந்த ஒரு காட்சியை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வசனத்துக்குப் போங்கள்.